வெள்ளையும் கருநீலமும்: பள்ளிச் சீருடையின் நிறப் பொருத்தம்

பள்ளி திறக்கும் காலம் நெருங்கினால் பெம்பான், ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் வாழும் தாய்மார்களுக்கு ஒரு கணக்கு தொடங்கிவிடும். சென்ற ஆண்டுச் சட்டை தாங்குமா? அண்ணனின் காற்சட்டையைத் தம்பிக்குப் போடலாமா? தங்கையின் பினஃபோர் வெளுத்துப்போய்விட்டதே, மாற்ற வேண்டுமா? இன்றைய பேச்சில் சீருடையின் நிறத்தைப் பற்றி மட்டும் பார்ப்போம். மண்ணில் புரண்டு விளையாடி, நாள்தோறும் துவைபட்டு, கடும் வெயிலில் காயும் உடுப்பில் எந்த நிறத்தோடு எந்த நிறம் சேர்ந்தால் ஆண்டு முடியும்வரை பார்வையாக இருக்கும் என்பதுதான் கேள்வி.

நிறத்தை அரசாங்கம் முடிவு செய்துவிட்டதே, நாம் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். நம் நாட்டுத் தொடக்கப்பள்ளியில் பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, கருநீலக் காற்சட்டை. பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையின் மேல் கருநீலப் பினஃபோர். ஆனாலும் நம் கையில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று, கடையில் கிடைக்கும் பல கருநீலத் துணிகளில் எதை எடுப்பது என்பது. மற்றது, விளையாட்டுச் சட்டை. பல பள்ளிகளில் அதன் நிறத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். அங்கே நம் சொல் எடுபடும்.

முதலில் அழுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. துணியில் படும் அழுக்கை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று துணியைவிடக் கருமையாகத் தெரியும் அழுக்கு. சேறு, எண்ணெய், சைக்கிள் சங்கிலி மை, கழுத்துப்பட்டையில் படியும் வியர்வைக் கசடு எல்லாம் இதில் சேரும். மற்றது துணியைவிட வெளுப்பாகத் தெரியும் அழுக்கு. சுண்ணக்கட்டித் தூள், காய்ந்த புழுதி, பஞ்சு நூல், வியர்வை காய்ந்தபின் நிற்கும் உப்புக்கோடு ஆகியவை இந்த வகை. வெள்ளைத் துணி முதல் வகையைக் காட்டிக்கொடுக்கும். கறுப்புத் துணி இரண்டாம் வகையைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே எல்லா அழுக்கையும் மறைக்கும் நிறம் என்று ஒன்று கிடையாது. உடம்பின் எந்தப் பகுதியில் எந்த அழுக்கு படுகிறது என்று பார்த்துத்தான் நிறத்தை வைக்க வேண்டும்.

மலாக்கா மாநிலத்து மண்ணை நாம் எல்லாரும் அறிவோம். பல இடங்களில் செம்மண்ணும் சிறு செங்கற்களும் கலந்த தரை. மலேசிய மண் ஆய்வாளர்கள் இவ்விதச் செங்கல் மண் ஒன்றுக்கு மலாக்காவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்த மண்ணின் சிவப்புக்குக் காரணம் அதில் உள்ள இரும்புத் துரு. அது மிக நுண்ணிய தூள். ஈரமாக இருக்கும்போது நூலிழைக்குள் நுழைந்து உட்கார்ந்துவிடும். பிள்ளைகள் தரையில் உட்காரும்போதும், பந்து எடுக்கச் சறுக்கும்போதும், முட்டி போட்டுக் கோலி ஆடும்போதும் இந்த மண் படுவது பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான்.

இப்போது நம் சீருடையைப் பாருங்கள். மண் படும் கீழ்ப்பகுதி கருநீலம். அங்கே படும் செம்மண் காய்ந்தால் வெளுப்பாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் காய்ந்த மண்ணைத் தட்டினால், தூரிகையால் தேய்த்தால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். இழைக்குள் தங்கிவிடும் மெல்லிய கறையைக் கருநீலம் மறைத்துவிடுகிறது. வியர்வையும் சூடும் மிகுந்த மேற்பகுதி வெள்ளை. வெள்ளையில் கறை தெரியும். ஆனால் வெள்ளைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இழப்பதற்கு அதில் சாயமே இல்லை. ஆகவே சுடுநீரில் ஊறப்போடலாம், அழுத்தித் தேய்க்கலாம், தேவையானால் வெளுப்பு மருந்து போடலாம், நீலம் போட்டு அலசலாம். சாயத்துணி ஒருமுறை வெளுத்தால் வெளுத்ததுதான். வெள்ளைத் துணியையோ பல முறை பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும்.

இன்னும் ஒரு நன்மை இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. மேலும் கீழும் ஒரே நிறமாக இருந்தால், ஒன்று புதிதாகவும் மற்றது பழையதாகவும் இருக்கும்போது வேறுபாடு உடனே கண்ணில் படும். வெளிர்நீலச் சட்டையும் அதே வெளிர்நீலக் காற்சட்டையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டை கிழிந்து புதுச்சட்டை வாங்கிய அன்றே காற்சட்டை பழையது என்று ஊருக்கே தெரிந்துவிடும். வெள்ளையும் கருநீலமும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிய நிறங்கள். நீலம் ஓரளவு வெளுத்தாலும் பொருத்தம் கெடாது. அண்ணன் போட்ட காற்சட்டையைத் தம்பி புதுச் சட்டையோடு போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு இது கையில் காசு மிச்சம்.

காலையில் இருட்டோடு புறப்பட்டுத் தோட்டச் சாலையில் நடக்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை மற்றோர் உதவியும் செய்கிறது. லாரிக்காரரின் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை தூரத்திலேயே தெரியும். கருநீலம் தெரியாது. ஆகவே அழுக்கை மறைக்கிறது என்பதற்காக மேற்சட்டையையும் கருமையாக்கிவிடக் கூடாது.

இதற்கு நேர் எதிரான பாடத்தை நம் நாட்டுக் காலணி நமக்குச் சொல்லிக் கொடுத்தது. பல ஆண்டுகளாக மாணவர்கள் வெள்ளைக் கான்வஸ் காலணிதான் அணிந்தார்கள். உடம்பிலேயே மண் மிகுதியாகப் படும் இடம் கால். அங்கே வெள்ளை. வாரக்கடைசியில் தேய்த்துக் கழுவி, வெள்ளைப் பூச்சு பூசி, காயவைத்தால் திங்கட்கிழமை மழையில் அது கரைந்து போகும். 2018ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு கறுப்புக் காலணிக்கு மாறப்போவதாக அறிவித்தது. பெற்றோர்கள் கையில் இருந்த வெள்ளைக் காலணியைப் போட்டுத் தீர்க்கக் காலம் கொடுத்து, 2021ஆம் ஆண்டிலிருந்து கறுப்பே முறையானது. கறுப்பிலும் செம்மண் தெரியும். ஆனால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும், பூச்சு வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கறுப்புக் கான்வஸ் காலணியைக் கழுவி நாள் முழுதும் வெயிலில் போட்டால் நிறம் பழுப்பேறிவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் காயவைப்பதே நல்லது.

சரி, வெயில் நிறத்தை எப்படிக் கெடுக்கிறது? சாயம் என்பது இழையில் பிடித்துக்கொண்டிருக்கும் நுண்பொருள். சூரிய ஒளி, முக்கியமாக நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர், அந்தப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. உடைந்த சாயத்துக்கு நிறம் இல்லை. பல சாயங்கள் துணி ஈரமாக இருக்கும்போது இன்னும் விரைவாக வெளுக்கும். துவைத்த ஈரத்துணியை உச்சி வெயிலில் கொடியில் போட்டு, மாலைவரை எடுக்காமல் விடுவதுதான் கருநீலத்துக்கு நாம் செய்யும் பெரிய தீங்கு. எனவே கருநீலத்தை எப்போதும் உட்புறம் வெளியே வரும்படித் திருப்பிக் காயப்போடுங்கள். லயத்து அஞ்சடியின் கூரை நிழலில் காற்று இருந்தால் அதுவே போதும். வெள்ளைச் சட்டையை வெயிலில் போடலாம், ஆனால் காய்ந்தவுடன் எடுத்துவிட வேண்டும். இப்போது கடையில் வாங்கும் வெள்ளைத் துணியில் பளிச்சென்று தெரிவதற்கு ஒரு மருந்து ஏற்றியிருப்பார்கள். நெடுநேர வெயில் அந்த மருந்தைக் கெடுத்துத் துணியை மஞ்சளாக்கும்.

பினஃபோரின் ஓரத்தை மடித்துத் தைத்து, பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடுவது நம் வழக்கம். அவிழ்க்கும்போது அடியில் ஒரு கரும்பட்டை தெரியும். மடிப்புக்குள் இருந்த துணி வெயில் காணாமல் புதிதாகவே இருப்பதால் வரும் வேறுபாடு அது. தொடக்கத்திலிருந்தே உட்புறம் திருப்பிக் காயவைத்த பினஃபோரில் இந்தப் பட்டை மங்கலாகத்தான் தெரியும்.

இனி, கடையில் கருநீலத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை. சீருடைத் துணி பெரும்பாலும் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தது. 65 பங்கு பாலியஸ்டர், 35 பங்கு பருத்தி என்ற கலவை அடிக்கடி காணப்படுவது. இந்த இரண்டு இழைகளுக்கும் சாயம் வேறு வேறு. இரண்டும் ஒரே அளவு கருமையாக ஏறியிருந்தால் கவலை இல்லை. ஏறாமல் இருந்தால் என்ன ஆகும்? உரசும் இடத்தில் பருத்தி இழை முதலில் தேய்ந்து உதிரும். வலுவான பாலியஸ்டர் மட்டும் மிஞ்சும். அதன் நிறம் வெளுப்பாக இருந்தால் பின்புறத்திலும், பைக்குள் கைவிடும் ஓரத்திலும் உறைபனி படிந்ததுபோல் வெளிறிய திட்டு விழும். துணி கிழியவில்லை, ஆனால் பழசாகிவிட்டதுபோல் தோன்றும். இது வெயிலால் வந்த வெளுப்பு அன்று, உரசலால் வந்தது. தோள், முதுகு போன்ற வெயில் படும் இடமெல்லாம் சீராக வெளுத்தால் அது வெயிலின் வேலை. உட்காரும் இடமும் மடிப்பின் விளிம்பும் மட்டும் வெளுத்தால் அது உரசலின் வேலை. காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறை எதை மாற்றுவது என்று தெரியும்.

துணி எடுத்துத் தைக்கிறவர்கள் கடைக்காரரிடம் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். அதை மடித்து, மடிப்பின் விளிம்பைச் சிமெண்டுத் தரையில் ஐம்பது முறை தேய்த்துப் பாருங்கள். விளிம்பு வெள்ளைக்கோடாகத் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம். ஆயத்த உடுப்பு வாங்குகிறவர்கள் தையலின் உட்புறத்தைப் பிரித்துப் பாருங்கள். ஈரப்படுத்திய வெள்ளைக் கைக்குட்டையால் அங்கே பத்து முறை அழுத்தித் தேய்த்தால், கைக்குட்டையில் நீலம் ஏறக் கூடாது. லேசான சாயல் என்றால் முதல் இரண்டு அலசலில் போய்விடும். திட்டாக ஏறினால் அது வெள்ளைச் சட்டைக் கழுத்தையும் நீலமாக்கும்.

இப்போது விளையாட்டுச் சட்டைக்கு வருவோம். ஒரு பள்ளியின் கூட்டத்தில் மூன்று மாதிரிகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது, பளிச்சென்ற சிவப்பு உடல், வெள்ளைக் கழுத்துப்பட்டை. இரண்டாவது, மஞ்சள் உடல், பச்சைக் கை. மூன்றாவது, நடுத்தர நீல உடல், கருநீலக் கழுத்துப்பட்டையும் கையும். விலை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கூட்டத்தில் உடனே கைதூக்கச் சொல்லாமல், இரண்டு வாரம் தவணை கேட்டு, ஒவ்வொரு மாதிரியிலும் துண்டுகள் வெட்டி மூன்று சோதனைகள் செய்யலாம்.

முதல் சோதனை சாயம் இறங்குவது. துண்டோடு ஒரு வெள்ளைப் பருத்தித் துணியைத் தைத்துச் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டில் சவர்க்கார நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, பிரிக்காமல் அப்படியே காயவைக்க வேண்டும். பின்பு பிரித்து வெள்ளையைப் பார்க்க வேண்டும். இரண்டாவது சோதனை மண். பள்ளித் திடலின் செம்மண்ணை ஈரமாக்கித் துண்டில் தேய்த்து, முழுதும் காயவிட்டு, உதறி, வழக்கம்போல் ஒருமுறை துவைத்து, ஐந்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். மூன்றாவது வெயில். துண்டின் பாதியைக் கனத்த அட்டையால் மூடிக் கட்டி, இரண்டு வாரம் வெயில் படும் இடத்தில் வைத்து, நாள்தோறும் ஒருமுறை நனைக்க வேண்டும். அட்டையை எடுத்தால் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் இடையில் கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆலைகளிலும் இதே முறைதான். அங்கே வெயிலுக்குப் பதில் விளக்கு. பக்கத்தில் ஒன்றைவிட ஒன்று உறுதியான எட்டு நீலக் கம்பளித் துண்டுகளை வைத்து, எந்தத் துண்டோடு சேர்ந்து துணி வெளுக்கிறது என்று கண்டு 1 முதல் 8 வரை எண் கொடுப்பார்கள். எண் கூடினால் உறுதி கூடுதல்.

நம் மூன்று மாதிரிகளில் என்ன நடக்கும்? மலிவான சிவப்பில் சாயம் இறங்குவது அடிக்கடி காணும் குறை. இறங்கினால் பாதிக்கப்படுவது அதே சட்டையின் வெள்ளைக் கழுத்துப்பட்டைதான். பட்டை இளஞ்சிவப்பானபின் அதை வெளுக்க மருந்து போட்டால் சிவப்பும் கெடும். ஒன்றைக் காப்பாற்ற மற்றதைப் பலி கொடுக்க வேண்டிவரும். ஆகவே அழுத்தமான நிறத்தோடு வெள்ளையை ஒரே உடுப்பில் சேர்ப்பது துவைக்கிறவருக்குத் தொல்லை. மஞ்சள் உடலில் செம்மண் கறை ஆரஞ்சுத் திட்டாக நின்றுவிடும். கழுத்தோரக் கசடும் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் நன்றாகத் தெரிவது மஞ்சளுக்குள்ள நன்மை, அதை மறுக்கக் கூடாது. நீலச் சட்டையில் கசடு சேரும் கழுத்தும் மண் படும் கையும் கருநீலம். அவற்றின் சாயம் கொஞ்சம் இறங்கினாலும் பக்கத்தில் இருப்பது நீலம்தான். ஐந்தடிக்கு அப்பால் மண்கறையும் மங்கலாகவே தெரியும். ஆகையால் மண்ணுக்கும் துவைப்புக்கும் மூன்றாவதே ஏற்றது.

ஆனால் இதிலும் எச்சரிக்கை உண்டு. நீலம் என்ற பெயரை நம்பிவிடக் கூடாது. சாயம் மட்டமாக இருந்தால் அட்டைக்கு வெளியே இருந்த பாதி சாம்பல் பூத்துக் கிடக்கும். அந்தத் துணியைத் தள்ள வேண்டியதுதான். மேலும் வான நீலமும் சாம்பல் நிறமும் வியர்வை ஈரத்தைத் திட்டுத்திட்டாகக் காட்டும். அவற்றைவிடச் சற்று அழுத்தமான நீலம் நல்லது. விளையாட்டு இல்லப் பிரிவுக்கு ஏற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்றே வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கழுத்துப்பட்டையை அதே நிறத்தில் அழுத்தமாக வைக்கச் சொல்லுங்கள், வெள்ளை வேண்டாம். பள்ளி முத்திரையின் பூநூலிலும் சாயம் இறங்கும். முத்திரை தைத்த ஒரு துண்டையும் முதல் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல நிறத்தைத் தேர்ந்தெடுத்தபின் அதைத் துவைப்பிலே கெடுத்துக்கொள்ளக் கூடாது. செம்மண் பட்ட உடுப்பை ஈரத்தோடு தேய்த்தால் துரு இழைக்குள் இன்னும் ஆழமாகப் போகும். முதலில் காயவிட்டு உதறுங்கள். பின்பு பச்சைத் தண்ணீரில் அலசி மண்ணைப் போக்கிவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள். வெள்ளைச் சட்டையில் செம்மண் கறைக்கு உடனே குளோரின் வெளுப்பு மருந்தை ஊற்றுவது பலர் செய்யும் காரியம். அந்த மருந்து இரும்புத் துருவைக் கரைக்காது. எலுமிச்சைச் சாறு கரைக்கும். கறையில் சாறு பிழிந்து, கொஞ்சம் உப்புத் தூவி, ஒரு மணி நேரம் விட்டு நன்றாக அலசுங்கள். தேவையானால் மறுமுறையும் செய்யலாம். இது வெள்ளைக்கு மட்டும் சொன்ன முறை. மிக முக்கியமாக ஒன்று: எலுமிச்சையையோ காடியையோ வெளுப்பு மருந்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுக் காற்று எழும்பும். மூச்சை அடைக்கும்.

வெள்ளைச் சட்டை துவைக்கத் துவைக்க மஞ்சளாகிக்கொண்டே போனால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். கிணற்று நீர் அல்லது குழாய்க்கிணற்று நீர் புழங்கும் இடங்களில் அதில் இரும்பு கரைந்திருக்கலாம். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து இரவு முழுதும் திறந்து வையுங்கள். காலையில் அடியில் செம்பழுப்பு வண்டல் படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது. அந்த நீரில் வெளுப்பு மருந்து போட்டால் கரைந்திருந்த இரும்பு துருவாகித் துணியிலேயே ஒட்டும். வெளுக்கப் போட்ட மருந்தே மஞ்சளாக்கும். அந்த வீடுகளில் வெள்ளைச் சட்டைக்கு மழைநீரோ, வண்டல் படிய வைத்துத் தெளித்து இறுத்த நீரோ நல்லது. கடைசி அலசலில் சிறிது நீலம் போடுவது மஞ்சளைப் போக்காது, கண்ணுக்கு அதை மறைக்கும். அளவு மீறினால் திட்டு விழும். முதலில் தண்ணீரில் நன்றாகக் கரைத்தபின்தான் சட்டையை முக்க வேண்டும்.

கருநீலத்துக்கு வெளுப்பு மருந்து கூடவே கூடாது. அதைத் தனியாக, உட்புறம் திருப்பித் துவையுங்கள். இஸ்திரியும் உட்புறத்திலேயே போடுங்கள். வெளிப்புறத்தில் சூடாக அழுத்தினால் பாலியஸ்டர் இழை நசுங்கிப் பளபளப்பு ஏறும். அந்தப் பளபளப்பு போகாது. முடிந்தவர்கள் இரண்டு காற்சட்டை வாங்கி ஒன்றுவிட்டு ஒன்று அணிவித்தால் இரண்டும் ஒரே அளவில் வெளுக்கும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் விளையாட்டுச் சட்டை பற்றிய பேச்சு வந்தால், மாதிரித் துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். ஓர் அட்டையும் ஒரு வெள்ளைத் துணியும் திடலில் ஒரு கைப்பிடி மண்ணும் போதும். இரண்டு வாரத்தில் அந்தத் துணியே பதில் சொல்லிவிடும்.